நம்பர் எங்கே கிடைத்தது?

சிங்காநல்லூரில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக் பெரிய இடமில்லை. மூன்று கட்டில், ஒரு மெஷின் அறை, முன்னால் ஒரு மேஜை. மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்து போன் எடுத்து நேரம் ஒதுக்கிக் கொடுப்பாள். இன்னொருவர் ஓர் அக்கா. அவர் கிளினிக்கில் உட்காரவே மாட்டார். காலையில் குளத்தங்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள், மில் கேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், கோயிலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறவர்கள், இவர்களிடம் பேச்சுக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆறு வருடமாக அதைச் செய்தார். போத்தனூரில் இருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை. ஒரே பெண், நர்சிங் இரண்டாம் வருடம்.

அந்த வருடம் கிளினிக்கில் பாதி நேரம் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஆன்லைனில் விளம்பரம் செய்து தருகிற பையன் ஒருவன் வந்து, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இப்போது எல்லாரும் ஆன்லைனில் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று நிறையப் பேசினான். அவனையும் அக்காவையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. யாராவது ஒருவர்தான். சரி, பேஷண்ட் எங்கிருந்து வருகிறார்கள் என்று அவர்களையே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். இன்றைக்கும் அதில் தப்புச் சொல்ல மாட்டேன்.

தப்பு கேள்வியில் இருந்தது. மேஜைப் பெண் முதலில், "யாரு சொல்லி வாரீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். அன்றைக்கே ஒருவர் முகம் சுளித்தார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால், நீ யார் வீட்டு ஆள், எந்த வகையறா என்று தோண்டுவதுபோல இருக்கும். மரியாதைக்குக் குறைச்சல். அதனால் நானே ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டினேன்: "எங்க நம்பர் எங்க கிடைச்சுதுங்க?" யாருக்கும் உறுத்தாத கேள்வி. எழுதிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதம் கேட்டோம். நோட்டில் பக்கம் பக்கமாகக் கூகுள், அடுத்தது இன்ஸ்டாகிராம். அக்கா பெயரைச் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பையன் நோட்டைப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னனுங்களே மேடம்" என்றான்.

அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சுற்றி வளைத்துப் பேசினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங்க அம்மணி" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. பையில் இருந்த கிளினிக் கார்டுகளை எடுத்து மேஜைமேல் அடுக்கி வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று போனார். எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் நோட்டு கையில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆளை அனுப்ப ஒரு நோட்டு கிடைத்துவிட்டால் மனச்சாட்சிக்கு எவ்வளவு சௌகரியம்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். தோள்பட்டை இறுகிப்போன பெரியவர் ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். ஒத்தடப் பையை வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, குளத்துப்பக்கம் வருமே அந்த அம்மா, எங்கீங்க காணோம்?"

"உங்களுக்கு அவங்களத் தெரியுங்களா?"

"அதுதானுங்களே இங்க போகச் சொல்லுச்சு. கையத் தூக்க முடியாம நடந்துட்டிருந்தேன். பாத்துபோட்டுக் கூடவே நடந்து வந்து சொல்லுச்சு. நாந்தான் இத்தன நாளு இழுத்தடிச்சுபோட்டேன்."

வெளியே போய், மேஜைப் பெண் அதே கேள்வியைக் கேட்டு இன்னும் எழுதிவந்த நோட்டைப் புரட்டினேன். அவர் பெயருக்கு நேரே கூகுள் என்று இருந்தது. நேரம் வாங்கியது பெங்களூரில் இருக்கிற மகன். அப்பா கிளினிக் பெயரைச் சொல்லியிருக்கிறார், மகன் போனில் தேடி நம்பரை எடுத்திருக்கிறான். நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டோம், கூகுளில் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் நம்பர் இருக்கும் டைரக்டரியைப் பற்றிக் கேட்டுவிட்டு, ஆளைப் பற்றிக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே சீட்டைக் கிழித்தேன். ஒரு மாதம் போனை நானே எடுத்தேன். "எங்களைப் பத்தி மொதமொதல்ல எப்படிங்க தெரிய வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். கூகுளா, இன்ஸ்டாவா என்று நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். "கூகுள்" என்றால், "தேடறதுக்கு முன்னால எங்க பேரு எங்கியாச்சும் காதுல விழுந்துதுங்களா?" என்று இன்னொரு கேள்வி. போன் செய்தவர் ஒருவர், வலி இன்னொருவருக்கு என்றால், வலிக்காரர் வந்ததும் அவரிடமும் கேட்டேன். பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போட்டேன். நேரில் வந்தாரா, பணம் கட்டிச் சிகிச்சையை முடித்தாரா. முந்தைய நோட்டில் இந்தக் கட்டங்களே கிடையாது. விலை கேட்டுவிட்டுப் போனவரையும் பத்து நாள் வந்தவரையும் ஒன்றாகவே எண்ணியிருந்தோம்.

மாதக் கடைசியில் பார்த்தால், இன்ஸ்டாகிராமில் வந்தவர்கள் பெரும்பாலும் கட்டணம் கேட்டதோடு சரி. கூகுளில் தானாகத் தேடி வந்து முடித்தவர்களும் இருந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் முடித்தவர்களில் பாதிக்கு மேல் சொன்னது ஒரே ஆளை. ஒரு அம்மா, மில் கேட்டில் பார்த்த அம்மா, கோயிலில் முட்டியைத் தொட்டுப் பார்த்த அம்மா. இல்லையென்றால், அந்த அம்மா அனுப்பி முன்பே வந்து குணமான பக்கத்து வீட்டுக்காரர். எல்லாம் அவர் எப்போதோ சொல்லி வைத்தது. புதிதாகச் சொல்ல ஆளில்லாததால் அதுவும் வற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போத்தனூருக்குப் போனேன். அக்கா வீட்டில்தான் இருந்தார். "வாங்க அம்மணி, ஊடு தேடி வந்திருக்கறீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். நோட்டில் தப்பு, கேள்வியில் தப்பு, நாளைக்கே வந்துவிடுங்கள் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ணு காலேஜுக்குப் போயிருக்குதுங்களா?" என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட வாயில் வரும்போது நினைவில்லை.

"திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போகுதுங்க. அங்கியே ஆஸ்டல். ஆறு மாசம் ஆச்சு."

திரும்பச் சேர்த்துவிடலாம், நானே வந்து காலேஜில் பேசுகிறேன் என்றேன்.

"நான் போய்ப் பாத்துட்டேனுங்க. நடுவுல நின்னவங்களத் திரும்பச் சேத்துக்க மாட்டமுன்னுட்டாங்க. அதுக்கும் இனிப் படிக்கற நெனப்பு உட்டுப்போச்சு."

வேலைக்கு வருவதாகச் சொன்னார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசல்வரை வந்தவர், நான் வண்டியை எடுக்கும்போதுதான் கேட்டார்.

"வந்தவங்களை எல்லாம் மூணு மாசம் கேட்டீங்க. யாரு யாரை அனுப்புனேன்னு எனக்கு ஒவ்வொரு மொகமும் தெரியுமுங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே அம்மணி."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.