மருமகனுக்கு மட்டுமான பதவி

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலை மூடியதும், திருப்பதியில் புதிதாக வந்த ஜூஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன். மேனேஜர் என் சான்றிதழைத் திருப்பித் தள்ளினார்.

"டைம்கீப்பர்னு இருக்கு. எங்களுக்கு சூப்பர்வைசர் வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "பேர விடுங்க சார். விளம்பரத்துல கீழ போட்டிருக்கிற வேலையப் படிங்க."

படித்தார். ஷிஃப்டுக்கு ஆள் பிரிப்பது, பழம் தரம் பார்ப்பது, கூழின் இனிப்பை அளப்பது.

"இதெல்லாம் நான்தான் செஞ்சிக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் சூப்பர்வைசர்னு போடல?"

"அந்தப் பேரு மொதலாளி மருமகனுக்கு மட்டும்தான் சார்."

மேனேஜர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் சான்றிதழோடு உள்ளே வந்தது அந்த மருமகன்.

"கூழோட இனிப்ப எப்படி அளப்பீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

மருமகன் என் முகத்தைப் பார்த்தார்.