அறுபத்தொரு பெயர்கள்

அறுபத்தொன்று என்று எண்ணி முடித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வருத்தம் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் ஒரு கன்னியர் மடம். அங்கே இப்போது இருக்கும் சிஸ்டர்களில் பாதிப்பேர் நம் பக்கத்துப் பெண்கள். மடத்தின் பழைய பதிவுகளைத் தமிழில் படிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்க, சென்னையிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் வழியாக அது என்னிடமும் என் நண்பனிடமும் வந்தது. நாங்கள் இருவரும் குருமடத்தில் ஒன்றாகச் சேர்ந்து, ரோமுக்கு ஒன்றாகப் போய், குருப்பட்டம் வாங்காமல் ஒன்றாகத் திரும்பி வந்தவர்கள். இந்தக் கரையில் இத்தாலி மொழியை வைத்துச் சோறு தின்றவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் இருவர்தான். நான் மரக்காணத்தில். அவன் இடையஞ்சாவடியில்.

மொத்தம் பதினான்கு தொகுதிகள். ஒன்பது, மடத்தின் நாட்குறிப்பு. ஐந்து, இறந்துபோன சிஸ்டர்களைப் பற்றிய குறிப்புகள். நாட்குறிப்பை நான் எடுத்துக்கொண்டேன். "சாவெல்லாம் என்கிட்ட தள்ளிட்டியாடா" என்று சிரித்துக்கொண்டே அவன் மற்றதை எடுத்துக்கொண்டான்.

மொழிபெயர்க்கும் முன் நாலு மாதம் கலைச்சொல் பட்டியல் கட்டினோம். இத்தாலிச் சொல் ஒரு பக்கம், நாங்கள் ஒப்புக்கொண்ட தமிழ்ச்சொல் ஒரு பக்கம், கீழே ஏன் அந்தச் சொல் என்று ஒரு குறிப்பு. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு சொற்கள். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு, சிஸ்டர்களுக்குத் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட பெயர்கள். ஒருவர் பெயரைத் தமிழில் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதற்காக. வேலை செய்யும்போது பட்டியலிலுள்ள சொல் வந்தால் மென்பொருள் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டு, தமிழை ஓரத்தில் காட்டும். சண்டை போட்டுத்தான் ஒவ்வொரு சொல்லையும் உள்ளே விட்டோம். இறப்புக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் உண்டு: சி எ ஸ்பெந்தா செரெனமெந்தே. விளக்கு அணைவதுபோல அமைதியாக அணைந்தார் என்பது அதன் பொருள். "இறைவனடி சேர்ந்தார்" என்று போடு என்றேன் நான். அவன் கேட்கவில்லை. "போஸ்டர்ல அடிக்கிற மாதிரி இருக்குது. கிட்ட உக்காந்து பாத்தவங்க எழுதுனது இது. 'அமைதியாகக் கண் மூடினார்'னு வெய்." வைத்தேன்.

பட்டியல் ஒன்று என்றால், மென்பொருளின் நினைவகம் வேறொன்று. நாம் மொழிபெயர்த்து உறுதிசெய்கிற ஒவ்வொரு வாக்கியமும், அதன் மூலத்தோடும் செய்தவன் பெயரோடும் தேதியோடும் அங்கே போய்ச் சேரும். இருவருக்கும் ஒரே நினைவகம். பிறகு அதேபோல ஒரு வாக்கியம் வந்தால், பழைய தமிழை எடுத்துத் தானே முன்னால் வைக்கும். முழுக்க ஒன்றாக இருந்தால் நூறு சதவீதம். ஒன்றிரண்டு சொல் மாறியிருந்தால் எண்பத்தைந்து, தொண்ணூறு என்று போட்டு, மாறின சொல்லைத் திரையின் மேலே உள்ள ஒரு சட்டத்தில் வண்ணம் போட்டுக் காட்டும். அந்தச் சொல்லை மாற்றிவிட்டு உறுதிசெய்வது நம் வேலை. பார்க்காமல் உறுதிசெய்தால், பழைய வாக்கியம் புது இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

இறப்புக் குறிப்புகள் எல்லாம் ஒரே வார்ப்பு. இன்ன சிஸ்டர், இத்தனை வயதில், துறவு ஏற்ற இத்தனையாம் ஆண்டில், இன்ன நோயில். பெயரும் எண்ணும்தான் மாறும். எண்களையும் அந்தக் காலத்து சிஸ்டர்கள் எழுத்தால் எழுதியிருந்தார்கள்; அதனால் மென்பொருள் அவற்றைத் தானாக மாற்றாது.

மூன்று தொகுதிகளை அவன் ஒப்படைத்தான். ஒரு குறை சொல்ல முடியாது. நாலாவதில் வேகம் குறைந்தது. நான் தினமும் சாயங்காலம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். இன்று நான் முந்நூற்று நாற்பது வாக்கியம், நீ நூற்றுத் தொண்ணூறு. இன்று நான் முந்நூற்றுப் பத்து, நீ நூற்றிருபது. எண்ணுவது எனக்குப் பழக்கம். ஜன்னலில் நின்றால் எதிரே உப்பளத்தில் இருக்கும் உப்புக் குவியல்களை எண்ணுவேன். அதனால் உப்புக்கு ஒன்றும் ஆகாது. இவனை எண்ணுகிறேனே, இவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் அவன் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. 'இப்படியல்லவா இருக்க வேண்டும்' என்று எழுதினேன்.

நாலாம் தொகுதி வந்ததும் சரிபார்ப்பை ஓட்டினேன். மூலத்தில் பட்டியல் சொல் இருந்து, எதிரே அதன் தமிழ் இல்லாவிட்டால் மென்பொருள் சொல்லிவிடும். பெயர்கள் பட்டியலில் இருந்ததால் பிடிபட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு சாவுகளில் அறுபத்தொன்றில் வேறொருத்தியின் பெயர். வயதைக் கையால் பார்த்தேன். காசநோயில் இருபத்துநாலு வயதில் செத்த பெண், தமிழில் எழுபத்தொரு வயதில் செத்திருந்தாள்.

அட்டவணை போட்டேன். வரிசை எண், மூலப்பெயர், தவறான பெயர், பொருத்தச் சதவீதம், அவன் உறுதிசெய்த நேரம். சில இடத்தில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று விநாடி. அதற்கும் ஒரு பத்தி போட்டேன். மேலே, 'படித்துப் பார்க்காமல் உறுதிசெய்யப்பட்டவை' என்று தலைப்பு. சென்னையில் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் நகல் போட்டு அனுப்பினேன்.

அவனிடமிருந்து ஒரே சொல் வந்தது. 'சரி.'

அந்தப் பெண் போன் செய்தாள். "சார், அவரோட என்ட்ரி எல்லாம் மெமரில இருக்குது. அஞ்சாவது வால்யூம்ல தப்பான பேரோட திரும்பி வரும். எந்த டேட்லேருந்து தப்புன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, அந்த டேட்டுக்கு அப்புறம் உள்ளத டெலிட் பண்ணிடலாம்."

அவன் போனை எடுக்கவில்லை. பதினோரு முறை அடித்தேன். பன்னிரண்டாம் நாள் பாண்டிச்சேரி பஸ் ஏறி, ஈ.சி.ஆரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி.

"வாங்கண்ணே. லிஸ்ட் எதுனா கொண்டாந்திருக்கீங்களா? இங்க இனிமே படிக்க ஆளில்ல."

எனக்குப் புரியவில்லை. உள்ளே அவன் நாற்காலியில் இருந்தான். என் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான். பார்வை என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது.

"யாரு, கணக்கப்பிள்ளையா? வா, உக்காரு. எத்தினி படி ஏறி வந்த?"

"ஏழு" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

"சர்க்கரை கண்ணுல ஏறிடுச்சுன்னு டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆவுது" என்றாள். "ஊசி போட்டாங்க, லேசர் வெச்சாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட ஒரே சண்டை. சொன்னா வேலைய வாங்கிடுவீங்களாம்."

"வாங்கியிருப்பான்" என்றான் அவன்.

நான் மறுக்கவில்லை. வாங்கியிருப்பேன்.

"எழுதுற எடத்துல எழுத்த பெருசாக்கிக்கிட்டேன்டா. ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியும், நகத்தி நகத்திப் படிப்பேன். புதுசா வர்ற வாக்கியத்த அப்படித்தான் செஞ்சேன். அதுல தப்பு இருக்குதா?"

"ஒண்ணுகூட இல்ல."

"மேல அந்த சட்டம் இருக்குது பாரு, எது மாறுச்சுன்னு காட்டுமே, அதுல மட்டும் எழுத்து எறும்பாட்டம். அத பெருசாக்க முடியல. பேரத்தான மாத்தணும்னு மாத்திக்கிட்டுத்தான் வந்தேன். நீ தெனம் நம்பர் அனுப்பிக்கிட்டு இருந்த. அப்புறம்… மெஷினு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அழுத்திக்கிட்டே போயிட்டேன்."

அந்தச் சட்டத்தின் எழுத்தளவை மாற்ற அமைப்புகளில் தனியாக ஓர் இடம் உண்டு. எனக்குத் தெரியும். என்னுடையதை முதல் வாரமே மாற்றிக்கொண்டேன். இரண்டு நிமிட வேலை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

"எந்தத் தேதியிலேருந்துன்னு கேக்கறாங்க" என்றேன். "அதுக்கு முன்னாடி செஞ்சத வெச்சுக்கலாம். மூணு தொகுதியும் தங்கம்டா."

இல்லையென்று தலையை ஆட்டினான்.

"எப்போலேருந்துன்னு எனக்கே தெரியல. ஒரு நாள்ல போவல அது. மூணாவதுலயே இருக்கலாம். ரெண்டாவதுல இல்லன்னு நான் எப்படி சொல்லுவேன்? எல்லாத்தையும் எடுத்துடு."

"நான் ஒவ்வொண்ணா பாத்துடறேன். பதினோராயிரத்து சொச்சம்தான்."

"பாப்ப. பாத்து லிஸ்ட் போடுவ." குரல் உயரவில்லை. "செத்தவங்கள மாத்தி எழுதியிருக்கேன்டா. அவங்களுக்கு இருந்தது அந்த ஒரு பக்கம். எம்பேரு போட்டு ஒரு வரி அதுல இருக்க வேணாம். நகல் எடுத்து வெச்சுக்காத. உன்ன எனக்குத் தெரியும்."

"சரி" என்றேன்.

அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். டம்ளரை அவன் கையில் வைத்து, விரல்களை அதைச் சுற்றி மடக்கிவிட்டாள். அந்த அட்டவணையை அவனுக்குப் படித்துக்காட்டியது யார் என்று கேட்க நினைத்தேன். கிளம்பும்போது வாசலில் அவளே சொன்னாள்.

"நான்தாண்ணே படிச்சேன். அறுபத்தொண்ணும் படிக்கச் சொன்னாரு. அந்த மூணு செகண்டு, ரெண்டு செகண்டுன்னு போட்டிருந்தீங்களே, அதையும்."

மறுநாள் காலை நினைவகத்தைத் திறந்து அவன் பயனர் பெயரைக் கொடுத்து வடிகட்டினேன். பதினோராயிரத்து முந்நூற்று எண்பத்துநாலு வாக்கியங்கள். நகல் எடுத்துக்கொள்ள ஏற்றுமதி என்ற பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அழிக்கவா என்று ஒருமுறை கேட்டது. ஆம் என்றேன். நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

ஒப்படைத்த மூன்று தொகுதிகளிலும் அவன் தமிழ் இருக்கத்தான் செய்கிறது. அவற்றில் தவறில்லை என்று மடத்திலிருந்தும் எழுதிவிட்டார்கள். அதை போனில் சொன்னேன். "நல்லது" என்றான். அவற்றை மறுபடி நினைவகத்தில் ஏற்றட்டுமா என்று கேட்டேன். "வேணாம்பா" என்றான்.

நாலாம் தொகுதியை முதல் வரியிலிருந்து புதிதாகச் செய்ய நான்தான் உட்கார்ந்தேன். முதல் சாவு. இருபத்துநாலு வயது, காசநோய். வாக்கியத்தின் மேல் சுட்டியை வைத்ததும் மேல் சட்டத்தில் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று எதுவும் வரவில்லை. பொருத்தம் இல்லை என்றது. ஓரத்தில் பட்டியல் மட்டும் வேலை செய்தது. சி எ ஸ்பெந்தா செரெனமெந்தேயின் மேல் சிவப்புக் கோடு. எதிரே அவன் தேர்ந்த தமிழ். அதன் கீழே, சேர்த்தவன் என்று அவன் பெயர், குறிப்பில் அவன் எழுதின ஒரு வரி: 'கிட்டே உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதியது.' பட்டியலை அழிக்கச் சொல்ல அவனுக்கு மறந்துவிட்டது. நான் நினைவுபடுத்தவில்லை.

வாக்கியத்தை நானே அடித்தேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் போட்டிருந்த வரிசையிலேயே சொல்லுக்குச் சொல் வந்தது. மூன்று தொகுதி சரிபார்த்தவனுக்கு வராதா? பெயரை இரண்டு முறை பார்த்தேன். வயதை இரண்டு முறை பார்த்தேன். அமைதியாகக் கண் மூடினார் என்று முடித்து உறுதிசெய்தேன்.

இரண்டாவது சாவுக்குப் போனபோது மேல் சட்டத்தில் பொருத்தம் வந்தது. எண்பத்தெட்டு சதவீதம். வாக்கியம் அவனுடையது. செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

இருநூற்றுப் பன்னிரண்டில் இரண்டு. அன்று அதற்கு மேல் செய்யவில்லை. சாயங்காலம் எண்ணிக்கை அனுப்பவும் ஆளில்லை.