அரை ஸ்பூனா, அரை மில்லியா

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்கள் கீழ்வீட்டில் திருநெல்வேலிக்காரத் தம்பதி இருந்தார்கள். இரண்டரை மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அன்று கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவிக்கோ இந்தி பிடிபடவில்லை. அதனால் தடுப்பூசி போடப் போனபோது, டாக்டரின் அனுமதியோடு அவர் சொன்னதை எல்லாம் டேப் ரிக்கார்டரில் பதிந்துகொண்டு வந்துவிட்டாள். அதைக் கேட்டுத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள்.

கேசட்டை ஓட்டி ஓட்டி எழுதினேன். இன்று முத்தடுப்பு ஊசி இரண்டாம் தவணை, கூடவே போலியோ சொட்டு. அடுத்தது 'சாடே தீன் மஹீனே'. இன்னும் மூன்றரை மாதம் கழித்து என்று அவள் நினைத்திருந்தாள். குழந்தைக்கு மூன்றரை மாதம் ஆகும்போது, அதாவது அடுத்த மாதமே என்று திருத்தி எழுதினேன். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி.

அதற்குள் குழந்தை முனக ஆரம்பித்தது.

"அக்கா, பிள்ளைக்கு மேலு கொதிக்கி" என்றாள்.

காய்ச்சல் வரலாம் என்று டாக்டரே சொல்லி மருந்து எழுதியிருந்தார். மருந்துக்கடையில் கொடுத்த சிறிய பாட்டிலை அவள் கணவர் திறந்து, அரை ஸ்பூன் ஊற்றினார். டாக்டர் 'ஆதா', பாதி என்று சொன்னது அவள் நினைவில் இருந்தது. எனக்கு அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் திக்கென்றது. என் பையனுக்குக் கொடுத்தது பெரிய பாட்டில் சிரப்; இது சொட்டு மருந்து, வீரியம் பல மடங்கு.

"இருங்க தம்பி, குடுத்துடாதீங்க. கேசட்டை இன்னொரு தரம் கேப்போம்."

'ஆதா' என்ற இடத்தில் சரியாகக் குழந்தை வீரிட்டிருந்தது. அடுத்த சொல் கேட்கவே இல்லை. சீட்டில் இருந்த கிறுக்கலும் புரியவில்லை. மூன்று முறை ஓட்டினோம். இங்கே மடியில் குழந்தையின் அழுகை ஏறிக்கொண்டே போனது.

"அழுதே களைச்சுப் போவா. கொஞ்சமாவது குடுப்போமே" என்றார் அவர்.

நான் மறுத்துவிட்டேன். அவளை ஈரத் துணியால் குழந்தையின் உடம்பைத் துடைக்கச் சொல்லிவிட்டு, பாட்டிலையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரும் நானும் மார்க்கெட்டுக்கு ஓடினோம். கிளினிக் நம்பர் சீட்டில் இருந்தது. மருந்துக்கடை போனில் வெகுநேரம் எங்கேஜ்டு. கடைசியில் கிடைத்தபோது டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தாராம். பாட்டிலில் அச்சடித்திருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஆதா எம்.எல். டிராப்பர் ஸே. சம்மச் நஹீ."

டிராப்பரில் அரை மில்லி. ஸ்பூன் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி தரக்கூடாது. பால் குடிக்காவிட்டாலோ துவண்டுபோனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் டிராப்பரில் இருந்த கோட்டைப் பார்த்து அரை மில்லி கொடுத்தார். ஸ்பூனில் இருந்ததோ அதைப்போல ஐந்து மடங்கு. அதை அவர் தொட்டியில் கொட்டினார்.

பிறகு நான் அவர்கள் அடுப்பில் வைத்த சாதம் குழைந்தபோது குழந்தைக்கு வேர்த்தது. அம்மாவிடம் முகத்தைத் திருப்பிப் பால் குடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள்.