பெட்டி பேசாத மதியங்கள்

குழாய்க்கடைக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக எல்போ, வாஷர், டேப் என்று விற்கிறவர். ஆள் நல்லவர்தான். ஆனால் ஒரு விஷயம் தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டால் போதும், அப்புறம் யார் சொன்னாலும் காதில் ஏறாது.

பழைய சிம் தொலைந்ததிலிருந்து, பணம் வந்தால் வரும் மெசேஜைப் பார்க்க வழியில்லாமல் ஒரு வருடம் எல்லோரிடமும் "காசா குடுங்க" என்றே ஓட்டினார். சில்லறைக்கு அலைந்து, வாடிக்கையாளரிடம் முகச்சுளிப்பு வாங்கி, கடைசியில், பணம் வந்தால் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்குச் சம்மதித்தார். பெட்டிக்காரன் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்தான். கடையின் கரண்ட் அக்கவுண்ட் எண்ணைப் பதிந்தான், சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பினான், பேரைச் சரிபார்த்தான், பெட்டியின் அடியிலிருந்த எண்ணைத் தன் போனில் ஸ்கேன் செய்தான். புது க்யூஆர் அட்டையைக் கல்லா மேல் நிறுத்தினான். அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். நம்மாளோ மாத வாடகை நூற்று இருபத்தைந்தை நூறாக்கப் பேரம் பேசுவதிலேயே குறியாக இருந்தார். அதுவும் நடக்கவில்லை.

"பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி முதல்முறை பேசியபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவியின் போனிலிருந்து நாலு தடவை பத்து பத்தாகப் போடச் சொல்லி அவளைப் படுத்தினார்.

பணம் அப்போதைக்கப்போது வங்கிக்குப் போகாது. ஒரு நாள் முழுக்க வந்ததெல்லாம் சேர்ந்து, மறுநாள் காலையில் ஒரே தொகையாக வரும். முதல் மாதம் நூற்று இருபத்தைந்து குறைந்தபோது அவர் குதித்த குதி இருக்கிறதே! பெட்டி வாடகை அதிலேயே பிடித்துக்கொள்வார்கள் என்று பெட்டிக்காரன் போனில் விளக்கினான். அதற்கப்புறம் தினமும் காலையில் டீயோடு உட்கார்ந்து நோட்டையும் பெட்டியோடு வந்த போன் ஆப்பில் உள்ள பட்டியலையும் வங்கி வரவையும் வைத்துச் சரிபார்ப்பது அவருக்குப் பெருமையாகிவிட்டது. கணக்கு டாணென்று பொருந்தினால் அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் நல்ல முகம்தான்.

அப்படிப் பொருந்தாமல் போனது இரண்டாம் மாதத்தில்தான். நோட்டில் இருந்தது, ஆப்பில் இல்லை. ஒரு நாள் முந்நூற்று நாற்பது. இன்னொரு நாள் எண்பத்தைந்தும் ஆயிரத்து இருநூற்று ஐம்பதும். நேரம் நேரமாகத் தட்டிப் பார்த்தார். காலை வியாபாரம் சரி. சாயங்கால வியாபாரம் சரி. குறைவதெல்லாம் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள்.

அந்த இரண்டு மணி நேரம் கடையில் இருப்பது அவருடைய அக்கா.

பதினோரு வருடமாக, தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து வரட்டும் என்று அவள் கடையில் உட்காருகிறாள். புருஷன் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். சம்பளம் என்று அவர் நீட்டியதை ஒருநாளும் வாங்கியதில்லை. நோட்டில் 'போன் 340' என்று இருந்ததெல்லாம் அவளுடைய குண்டு எழுத்து.

ஒன்பது நாள் கூட்டிப் பார்த்தார். ஆறாயிரத்து நூற்று எண்பது. காசாக வாங்கியதை எடுத்துக்கொண்டு நோட்டில் போன் என்று எழுதினால் கணக்கு இப்படித்தான் வரும். அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினையே.

மூன்று மணிக்குப் போய் நின்றார். ஒரு பிளம்பர் வால்வு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நேத்து நானூத்திப் பத்துன்னு எழுதியிருக்கியே, பெட்டி சொல்லிச்சா?"

"சில பேர் போடறப்ப சொல்ல மாட்டேங்குதுடா. போன்ல பச்சை டிக்கு காட்டறாங்க, பாத்துட்டுதான் அனுப்பறேன்."

"அப்ப அந்தக் காசெல்லாம் எங்க போச்சு?"

"எனக்கென்னடா தெரியும்? பெட்டி வெச்சவனைக் கேளு."

கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரிச் சொன்னார். "வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. நான் இல்லைன்னா சொல்லப் போறேன்?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தாள். பிளம்பர் தலையைத் தூக்காமல் வால்வைத் திருகிக்கொண்டே இருந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாள் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

பதினைந்து நாள் கேரியர் சாப்பாடு. கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே கொட்டாவி விட்டார். மதியத்தில் போன் கணக்கே வேண்டாம் என்று பழையபடி "காசா குடுங்க" என்றே ஓட்டினார். பதினைந்தாம் நாள் இரண்டு மணிக்கு அதே பிளம்பர் வந்தான். இருநூற்றுப் பத்து ரூபாய்க்குச் சாமான், கையில் காசில்லை. மதிய வெயில் நேராகக் கல்லா மேல் அடித்து அந்த அட்டை கண்ணைக் கூசவைத்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நகர்ந்து, ஷட்டர் தூணின் பக்கவாட்டில் போனைக் காட்டினான்.

"போட்டாச்சுண்ணே."

பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"எங்கப்பா போட்டே? வரவே இல்லையே!"

"என்னண்ணே, உங்க பேர்தானே காட்டுது?" அவன் போனைத் திருப்பினான். பச்சை டிக். அதன்கீழ் அவருடைய முழுப்பெயர், இனிஷியலோடு. "வெயில் ஏறினதுலேர்ந்து மத்தியானத்துல அந்த அட்டை ஸ்கேனே ஆகாது. நாங்க எல்லாரும் இதுலதான் போடுவோம்."

அவர் எழுந்து வெளியே போய்க் குனிந்து பார்த்தார். தூசிக்கு அடியில் உள்ளங்கையளவு ஸ்டிக்கர். நாலு வருடத்துக்கு முன் வேறொரு வங்கியிலிருந்து கொடுத்தது. அதில் பணம் விழுந்தால் மெசேஜ் போவது அந்தத் தொலைந்த சிம்முக்குத்தான். ஒட்டியது அவர்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தூண் தெரியவே தெரியாது.

பெட்டிக்காரனுக்குப் போன் போட்டார். "அண்ணே, அன்னைக்கே சொன்னேனே? பழசு எது இருந்தாலும் கிழிச்சிடுங்க, அது வேற அக்கவுண்ட்டுக்குப் போகும், இந்தப் பெட்டி அதைச் சொல்லாதுன்னு. நீங்கதான் சரி சரின்னீங்க."

அந்த வங்கிக்கு ஓடிப் பழைய பாஸ்புக்கில் வரவைப் பதிந்து வாங்கினார். முந்நூற்று நாற்பது. எண்பத்தைந்து. ஆயிரத்து இருநூற்று ஐம்பது. நானூற்றுப் பத்து. ஒன்று விடாமல் இருந்தது. வங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். படுபாவி, பதினைந்து நாள் அவளைத் திருடியாக விட்டுவைத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அக்கா கதவைத் திறந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அழுகை வந்துவிட்டது. பாஸ்புக்கை நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"முந்நூத்தி நாப்பது... அந்த எல்போ வாங்கினவன். எல்லாம் சரியா இருக்குடா."

"அக்கா, என்னைச் செருப்பால அடி."

"போடா, உக்காரு. தண்ணி குடி."

"நாளைக்கு வருவியா?"

"வர்றேன்."

கோபமில்லை, குத்திக்காட்டல் இல்லை. அப்பாடா என்று அவர் வீடு திரும்பினார். தூணைச் சுரண்டிச் சுத்தமாக்கினார். அட்டையை நிழல் பக்கம் நகர்த்தினார். மறுநாள் ஒரு மணிக்கு அவள் வந்து வழக்கம்போல் உட்கார்ந்தாள். அவர் சாப்பிடப் போனார், ஆனால் தூக்கம் வரவில்லை. மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே திரும்பிவிட்டார். வியாபாரம் எல்லாம் பெட்டி சொன்னபடியே நோட்டில் இருந்தது.

அக்கா எழுந்தாள். செருப்பை மாட்டினாள். பிறகு தன் கைப்பையைக் கல்லா மேல் வைத்து, ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கண்ணாடிக்கூடு, மாத்திரை, வீட்டுச்சாவி, இரண்டு பத்து ரூபாய் நோட்டு.

"என்னக்கா இது? வேணாம்க்கா!"

"பாத்துக்கோ தம்பி. தினமும் பாத்துக்கோ. எனக்கும் நிம்மதி."

அவள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அவர் பார்க்கும்வரை நின்றாள்.