நெட்டை எழுதிய ஒரு பக்கம்

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்த்தவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். மாமியாரை மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். வாய் அதிகம், கை அதைவிட வேகம்.

எங்கள் கூடத்தில் பக்கவாதம் வந்த ஒரு பழைய பஸ் டிரைவர் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கனத்த உடம்பு, அதற்கு இரண்டு பேர் வேண்டும். மதியம் எங்களில் ஒருத்தியைச் சாப்பாடு பரிமாறக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வேளை புரட்டுவது தள்ளிப்போகும். ஒருநாள் அவர் இடுப்பெலும்பின் மேல் சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும்.

"ஆளே பத்தலன்னு அடுப்படியில கத்தி என்ன பிரயோஜனம்? மேனேஜர் மேடத்துக்கு எழுதித் தரப்போறேன்" என்றாள் நெட்டை.

முதலில் எழுதியது, "எத்தனை தடவை சொல்லியும்" என்று தொடங்கியது. அவளே படித்துப் பார்த்தாள். "இது சண்டைக்காரி எழுதின மாதிரி இருக்கு" என்று கிழித்துப் போட்டாள். மறுபடி எழுதியதில் மூன்றே விஷயம். மதியம் புரட்டுவது தாமதமாகிறது, சிவப்பு வந்திருக்கிறது. நடமாடும் நாலு பேரின் முற்பகல் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றினால், பரிமாறப் போகும் முன் இருவரும் சேர்ந்து புரட்டிவிடலாம். இரண்டு வேலையும் ஒன்றாக வந்தால் எதை முதலில் செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள்.

"தாமதமாச்சுன்னு நீயே எழுதுற. உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிற" என்றேன்.

"அத எழுதாம மத்தத எழுதினா, அது வெறும் புலம்பல்தான் அக்கா."

வேலை போனால் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். அது இருவருக்கும் தெரியும்.

மேலாளர் அம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். தாளை இரண்டு முறை படித்தார்.

"தாமதமான அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேன் மேடம். நீங்க அப்போ போன்ல இருந்தீங்க. மறுபடி வந்து சொல்லாதது என் தப்பு."

அவர் பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் தேதி போட்டார்.

"குளியல நாளையிலேர்ந்து மாத்துங்க. புரட்டுறதுதான் முதல்ல, பரிமாற அஞ்சு நிமிஷம் பிந்தினா என் பேரச் சொல்லுங்க. புது ஆள் போட என் கையில அதிகாரம் இல்ல. நிர்வாகத்துக்கு இதையே அனுப்புறேன். ஆனா தாமதமானது உன் பேர்லயும் பதிவாகும்."

"பதிவாகட்டும் மேடம்."

புது ஆள் இன்னும் வரவில்லை. சிவப்பு மட்டும் தோல் கிழியாமல் மெல்ல மறைந்தது. நேற்று மதியம் புரட்டும்போது டிரைவர், "மெதுவாம்மா, வண்டி வளைவுல திரும்புது" என்றார். நெட்டை சிரிக்கவில்லை. தலையணையை முதுகுக்குச் சரியாக அண்டக் கொடுத்துவிட்டு, பரிமாறப் போனாள்.