பேசிக்கிட்டிருக்காங்க

சர்க்கரை நோய் என் கண் இரண்டையும் எடுத்துக்கொண்ட பிறகு, எனக்குப் படம் சொல்லும் வேலை அண்ணிக்கு வந்து சேர்ந்தது. என் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நடப்பதைச் சொல்வார். அண்ணி மாதா கோயிலில் ஒரு பூசைகூடத் தவறவிடாதவர். கதாநாயகனும் நாயகியும் நெருங்கினால் போதும், "பேசிக்கிட்டிருக்காங்க" என்பார். பேச்சே கேட்காது, பாட்டுதான் கேட்கும். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிடும். எப்படி என்று கேட்க எனக்குக் கூச்சம்.

கொலைப் படம் என்றால், யார் குத்தியது என்று தெரியவேண்டிய இடத்தில் அண்ணி கண்ணை மூடிக்கொள்வார். ஆக, வீட்டில் படம் பார்க்காதவர்கள் இரண்டு பேர்.

ஒரே ஒரு படத்தையாவது யாரும் மறைக்காமல் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. பார்வையற்றோர் சங்கத்தில், என்னைப் போலவே கண் தெரியாத ஒரு அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"அதுக்குத்தான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் இருக்கே! வசனம் இல்லாத எடத்துல ஒரு குரல் வந்து என்னா நடக்குதுன்னு சொல்லும். படம் ஓடும்போது திரையில ரெண்டு தட்டு தட்டு, பட்டன் வரும். ஒடனே படத்த நிறுத்திடு, இல்லன்னா பட்டன் மறைஞ்சிடும். அப்புறம் விரலால தள்ளிக்கினே போ, ஒவ்வொரு பட்டன் பேரையும் நம்ம போன் வாய்விட்டுப் படிக்கும்ல. 'ஆடியோ, சப்டைட்டில்'னு போன் படிச்சா ரெண்டு தட்டு. 'தமிழ்'னு வரும், அதத் தாண்டு. 'தமிழ், ஆடியோ டிஸ்கிரிப்ஷன்'னு வந்தா அதுல தட்டு. எல்லாப் படத்துக்கும் இருக்காது."

மூன்று படங்களில் இல்லை. நான்காவதில் இருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் ஒரு ஆண் குரல் செய்தி வாசிப்பது போல, "அவளை அணைத்து முத்தமிடுகிறான்" என்றது.

"சேசுவே! யாருடி இவன், நடுவீட்டுல வந்து இதச் சொல்றான்?" அண்ணி எழுந்துவிட்டார்.

"படத்துலயே இருக்கறதுதான் அண்ணி."

"நிறுத்துடி!"

நிறுத்தவில்லை. அண்ணி சொல்லி நான் கேட்காதது அதுதான் முதல் தடவை. முகம் மட்டும் சூடாக இருந்தது. அண்ணி கோபமாக மீன் கழுவப் போனார். கால் மணி நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமா வையி. குழாத் தண்ணியில ஒண்ணும் கேக்கல."

அன்றிலிருந்து அண்ணி திரைப்பக்கமே வருவதில்லை. மீன் ஆய்ந்துகொண்டே முழுப் படமும் கேட்டுவிடுகிறார். முத்தம், கொலை எதற்கும் எதிர்ப்பு இல்லை. இரண்டு பேருக்கும் படம் புரிகிறது.

போன வாரம் வைத்தது அந்த வசதி இல்லாத படம். பாட்டு வந்தது, பேச்சு நின்றது.

"ஏண்டி, அந்த ஆளு ஏன் வாயத் தொறக்கல?"

"இந்தப் படத்துல அவரு இல்ல அண்ணி. 'தமிழ்'னு மட்டும்தான் படிக்குது."

"கை பூரா நெத்திலி, வந்து பாக்க முடியாது. என்னாதான் நடக்குது? நீயே சொல்லேன்."

கண் தெரியாதவளிடம் கேட்கிறோம் என்பதே அண்ணிக்கு மறந்துவிட்டது. நான் பாட்டைக் கொஞ்சம் உற்றுக் கேட்டேன்.

"பேசிக்கிட்டிருக்காங்க அண்ணி" என்றேன்.