இங்குட்டு என்றால் எந்தப் பக்கம்

மனிதனுக்கு நுரையீரல் இரண்டு. எங்கள் நோயாளிக்கு அதில் ஒன்றைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்கும் என் பேட்ச் தோழிக்கும் ஒரு முழுப் பகல் ஆயிற்று. இத்தனைக்கும் அந்த மனிதரைத் தொட்டு, தட்டி, கேட்டு, பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தோம். எழுதியதுதான் வம்பு.

மருத்துவ மாணவர்களான எங்களுக்குக் காரைக்குடியில் பொது மருத்துவ வார்டில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி. இரண்டு மாணவர்களுக்கு ஒரு நோயாளி. அவரிடம் நோயின் கதையைக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, எல்லாவற்றையும் ஒழுங்காக ஒரு கேஸ் ரெக்கார்டாக எழுதி எங்கள் பேராசிரியை மேடத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற கேஸ்கள் எல்லாம் முடிந்துவிட்டன, இது ஒன்றுதான் பாக்கி. மறுநாள் காலைக்குள் இது தேறாவிட்டால் போஸ்டிங்கைத் திரும்பப் போட வேண்டும், அதாவது அடுத்த பேட்சோடு போய் நிற்க வேண்டும். வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்று இப்போதே வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

மேடம் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். "வார்டு கேஸ் ஷீட்டைப் பாத்துக் காப்பி அடிக்கக் கூடாது. நீங்க கண்டதை எழுதுங்க. தப்பாக் கண்டிருந்தாலும் பரவாயில்ல, காணாததை எழுதாதீங்க." கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

நூலக மேசையில் நோட்ஸைப் பரப்பினோம். நாங்கள் பரிசோதித்தது நுரையீரல் தண்ணீரை ஊசி போட்டு எடுப்பதற்கு முன்பு. எடுத்த அன்று எங்களுக்கு வகுப்பு இருந்ததால் அதைப் பார்க்கவில்லை. ஆகவே எங்களிடம் இருந்தது எங்கள் காகிதங்களும், தோழியின் போனில் ஒரு எக்ஸ்ரே படமும்தான்.

முதல் குழப்பம் நாளில் வந்தது. ரெக்கார்டில் முதலில் வர வேண்டியது என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்பது. தொந்தரவுகளை வந்த வரிசையில் எழுத வேண்டும். நோயாளி கல்லல் பக்கத்து விவசாயி. பிள்ளையார்பட்டித் தேருக்குப் போனபோது நன்றாகத்தான் இருந்தேன் என்று அவர் சொன்னது ஒரு தாளில் இருந்தது. அடுத்த தாளில் அவர் மனைவி, "தேருலயே இருமிக்கிட்டுத்தான நின்னீக" என்று அவரை மடக்கியிருந்தார். இரண்டையும் நான் அப்படியே எழுதியிருந்தேன். மத்தியஸ்தம் செய்ய எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அடுத்தது வலி. முதலில் நெஞ்சில் குத்தும் வலி, பிறகு வலி குறைந்ததும் மூச்சு வாங்கல். வலி குறைந்தால் நோய் குறைய வேண்டாமா என்று நான் குழம்பி, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். தோழி அதை அடித்தாள். நுரையீரலின் இரண்டு உறைகளும் உரசும்போது வலிக்கும். நடுவில் தண்ணீர் சேர்ந்து அவற்றைப் பிரித்துவிட்டால் வலி அடங்கும், தண்ணீர் ஏற ஏற மூச்சு முட்டும். கதை சரியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. அப்பாடா, ஒன்று தீர்ந்தது என்று அடுத்த வரிக்குப் போனோம்.

வலி எந்தப் பக்கம்? நோயாளியின் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்று கற்பித்திருந்தார்கள். நான் அரிச்சந்திரன் மாதிரி எழுதியிருந்தேன்: "இங்குட்டு வலிக்கிது, இருமுனா அங்குட்டு வரைக்கும் இழுக்குது."

"இங்குட்டுன்னா எங்குட்டு?" என்றாள் தோழி.

"கையை வச்சுக் காட்டினாரே."

"கையை எழுதலையே நீ."

எழுதவில்லைதான். சரி, பரிசோதனையைப் பார்த்து எழுதிவிடலாம் என்று அன்று நான் வரைந்திருந்த படத்தை எடுத்தோம். முதுகுப் பக்கத்தின் கோட்டுப்படம், இரண்டு தோள்பட்டை எலும்பும் போட்டு, இடப்பக்கம் கீழே பென்சிலால் நிழலடித்திருந்தேன். அங்கே தட்டினால் கல்லைத் தட்டுவது போல மந்தமான ஓசை, மூச்சொலி குறைவு. போனில் இருந்த எக்ஸ்ரேயிலும் இடப்பக்கம்தான் வெள்ளையாக இருந்தது. ஆக, இடது. இருவருக்கும் நிம்மதி.

அப்புறம்தான் மூச்சுக்குழாய் வந்து கெடுத்தது. என் கையெழுத்திலேயே, அடிக்கோடிட்டு, "மூச்சுக்குழாய் இடப்பக்கம் நகர்ந்துள்ளது" என்று இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்தால் அது மூச்சுக்குழாயை மறுபக்கம் தள்ளும். தன் பக்கமே இழுத்தால் அது தண்ணீர் இல்லை. நுரையீரல் சுருங்கியிருக்க வேண்டும். இடப்பக்கம் மந்தம், குழாயும் இடப்பக்கம் என்றால் நோயே வேறு. ஆனால் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்ததாக வார்டே சொல்கிறது. என்ன எழவுடா இது என்று தலையைப் பிடித்துக்கொண்டேன்.

தோழி எதையும் தேர்தல் மாதிரிப் பார்ப்பவள். "படம் இடதுங்குது, எக்ஸ்ரே இடதுங்குது. உன் மூச்சுக்குழாய்தான் தனியா நிக்குது. அதை வலதுன்னு மாத்திரு. எல்லாம் சரியாப் போயிரும்."

மாற்றினால் ரெக்கார்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வரலாறு, பரிசோதனை, முடிவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். எனக்கும் ஆசைதான். ஆனால் நோயாளியின் கழுத்துக்குழியில் என் விரலை வைத்தது எனக்கு நினைவிருந்தது. ஒரு பக்கம் இடைவெளி இருந்தது, மறுபக்கம் இல்லை. நான் கண்ட ஒரே உருப்படியான விஷயம் அது. கோபம் வந்தது. "நான் மாத்த மாட்டேன். வா வார்டுக்கு," என்றேன். "வீம்பு புடிச்சவன்," என்றபடி பையை எடுத்தாள்.

நோயாளி வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். கட்டிலில் துணிப்பை கட்டி வைத்திருந்தது. மனைவி மாத்திரைகளைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்தார்கள்.

நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "ஐயா, உங்களுக்கு நோவு எந்தப் பக்கம்?"

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், தோழியைப் பார்த்தார், கையில் இருந்த என் படத்தைப் பார்த்தார்.

"ஏந் தம்பி இப்பக் கேக்குறீக?"

"ஒண்ணுமில்ல ஐயா, எழுதுறதுல கொஞ்சம்..."

மனைவி எழுந்து நின்றுவிட்டார். "பக்கம் மாத்திக் குத்திட்டாகளா? நெசத்தச் சொல்லுங்க."

அவர் சட்டையைத் தூக்கித் திரும்பினார். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே. வலப்பக்கம்.

கையில் இருந்த படத்தில் இடது. எதிரில் இருந்த முதுகில் வலது. ஒரு நிமிடம் எனக்கும் அந்த அம்மாள் கேட்ட கேள்விதான் மனதில் ஓடியது, சொல்லவே பயமாக இருக்கிறது. இத்தனை வருடப் படிப்பில் இப்படி ஒரு பயத்தை நான் எந்தப் பரீட்சையிலும் பட்டதில்லை.

என்னைக் காப்பாற்றியது அந்த அம்மாளின் அடுத்த வார்த்தை. "பாட்டில் நெறையா மஞ்சத் தண்ணி எடுத்தாகளே, அதெல்லாம் என்னதுய்யா அப்ப?"

"ஆமா, தண்ணி வந்துச்சே!" என்றேன். பயத்தில் அதை மறந்தே போயிருந்தேன். "அம்மா, தண்ணி இல்லாத பக்கம் குத்துனா தண்ணி வராது. குத்துனது சரியான பக்கம். தப்பு எங்க காகிதத்துல."

அவர்கள் நம்பவில்லை. நான் சொன்னதை நானே முழுசாக நம்பியிருந்தேனா தெரியாது. தோழி அவர் முதுகுப் பக்கம் போய் நின்றாள், முதலில் பரிசோதித்த அன்று நின்ற மாதிரியே. தட்டினாள். வலப்பக்கம் அடியில் கொஞ்சம் மந்தம் மிச்சமிருந்தது. "இந்தப் பக்கம்," என்றாள், அன்று சொன்ன மாதிரியே. நான் அவருக்கு முன்னால் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய வலது எனக்கு இடப்பக்கம் தெரிந்தது. கை தானாகத் தாளின் இடப்பக்கம் போயிற்று.

அங்கேதான் விளங்கியது. வரைந்தது முதுகு, நின்றது முகத்துக்கு நேரே. முதுகின் படத்தில் அவருடைய வலது தாளின் வலப்பக்கம் வர வேண்டும், நானோ முன்னால் நின்று பார்த்தபடி இடப்பக்கம் நிழலடித்திருக்கிறேன். எக்ஸ்ரே? மனைவி பையிலிருந்து பிலிமை எடுத்து நீட்டினார். மூலையில் இருக்கும் வலப்பக்கக் குறியைச் சரியாக வைத்துப் பார்த்தால் வலதுதான் வெள்ளை. தோழி அன்று ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைத் திருப்பிப் பிடித்துப் படமெடுத்திருக்கிறாள், குறியும் படத்தில் விழவில்லை. இரண்டு தப்பு கூட்டு சேர்ந்ததை நம்பி, சரியாக இருந்த மூச்சுக்குழாயைத் திருத்தப் பார்த்திருக்கிறோம். அதையும் மாற்றி எழுதியிருந்தால் ரெக்கார்டு அப்பழுக்கில்லாமல் இருந்திருக்கும், பக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட உண்மையாக இருந்திருக்காது.

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அவர்கள் சிரிக்கவில்லை. சிரித்தது எனக்கு வெட்கமாகப் போயிற்று. கட்டிலோரம் உட்கார்ந்து, நான் எங்கே நின்றேன், தோழி எங்கே நின்றாள், படத்தில் எப்படித் தவறு வந்தது என்று அவருக்குக் காட்டினேன். ஒரு முறை கேட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு வலக்கையை நெஞ்சின் வலப்பக்கம், கீழ் விலாவில் வைத்துக்கொண்டார்.

"இங்குட்டு," என்றார். "எழுதுங்க தம்பி. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் கைய எடுக்கல."

நான் எழுதினேன். வலப்பக்க நெஞ்சின் கீழ்ப்பகுதி என்று எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையை எடுத்தார்.

ரெக்கார்டை அன்று மாலையே முடித்தோம். இருமல் எப்போது தொடங்கியது என்பதில் கணவர் சொன்னதும் மனைவி சொன்னதும் இரண்டும் அப்படியே இடம்பெற்றன. முதல் பரிசோதனை தனியாக, தண்ணீர் எடுத்த பின் செய்தது தனியாக, தேதியோடு. முதல் படத்தில் பக்கம் தவறாகக் குறிக்கப்பட்டது, மறுபரிசோதனையில் திருத்தப்பட்டது என்று ஒரு வரி.

மறுநாள் மேடம் அந்த வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. பக்கத்தைப் புரட்டி, "நோயாளியின் கவலைகள்" என்ற தலைப்பைக் காட்டினார். அதன் கீழே, எல்லா கேஸிலும் எழுதுவது போலவே, "குறிப்பாக எதுவுமில்லை" என்று எழுதியிருந்தேன்.

"எதுவுமில்லையா?" என்றார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். அதை அடித்துவிட்டு எழுதினேன்: "தவறான பக்கத்தில் ஊசி போட்டுவிட்டார்களோ என்று நோயாளியும் மனைவியும் பயந்தனர். அந்தப் பயம் மாணவர்களால் வந்தது." மேடம் வாசித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் போயிருப்பார் என்று தெரிந்தும் வார்டுக்குப் போனேன். அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.